மேற்குப் பார்த்த ஒரு ஜன்னல், இரண்டு முறை ஒட்டிய ஃபிலிம்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளம். ஹாலில் மேற்குப் பார்த்த அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். இரண்டு ஷட்டர்கள், ஒவ்வொன்றிலும் 86 செ.மீ. அகலம், 112 செ.மீ. உயரத்தில் 5 மி.மீ. சாதாக் கண்ணாடி. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் ஒன்றரை மணிக்குக் கண்ணாடியில் ஏறும் வெயில் ஆறு மணி வரை விடாது. எதிர்க் கட்டடத்து பால்கனி இருபது அடி தூரத்தில் இருப்பதால் திரையை விலக்கவும் முடியாது. வெயிலும் தணிய வேண்டும், பார்வையும் தடைபட வேண்டும் என்று ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிம் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, ஒரு ஞாயிறு மதியம் வீட்டாரே ஒட்டினார்கள். மூன்று வாரத்தில் அடிப்பக்க ஓரம் உரிந்து சுருண்டது. நடுவில் அம்மை போட்டதுபோலக் குமிழிகள். அதை உரித்துப் போட்டுவிட்டு வேறு ஃபிலிம் வாங்கி மறுபடி ஒட்டினார்கள். முதல் முறை என்னென்ன கெட்டது, இரண்டாம் முறை எது மாறியது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

குமிழியைப் படிப்பது

குமிழி என்று பொதுவாகச் சொன்னாலும் இந்தக் கண்ணாடியில் நான்கு வேறு கோளாறுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

நடுப்பகுதியில் இருந்தவை மிளகளவுக் குமிழிகள். நகத்தால் அழுத்தினால் அடங்கும், விரலை எடுத்ததும் பழையபடி எழும்பும். பக்கவாட்டில் இருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி தெரியும். தூசியோ பழைய துணியின் நூலோ உள்ளே மாட்டிக்கொண்டு, கூடாரத்துக்கு நடுக்கம்பு மாதிரி ஃபிலிமைத் தூக்கி நிற்கிறது. இது தானாகப் போகாது. ஊசி குத்தினாலும் போகாது, ஏனென்றால் உள்ளே இருப்பது காற்று மட்டுமல்ல.

மேல்பக்கத்தில் விரல் விரலாக நீண்ட கோடுகள். அங்கே ஃபிலிம் கண்ணாடியில் வழுக்கி உட்காரவே இல்லை. மதியம் மூன்று மணிக்கு வெயில் நேரடியாக விழும் கண்ணாடியில் ஒட்டியதால், ஃபிலிம் வழுக்குவதற்காக அடித்த சோப்புத் தண்ணீர், அதை வழித்துத் தள்ளும் பட்டையான ஸ்க்யூஜி வருவதற்குள் காய்ந்துவிட்டது. தண்ணீர் போன இடத்தில் பசை உடனே பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்துக்கும் பிடிக்காத இடத்துக்கும் இடையில் காற்று சிறைப்படும். இந்தக் காற்றுக் குமிழியின் விளிம்பு கூர்மையாக, வெள்ளி போல மின்னும். தண்ணீர்க் குமிழி அப்படி மின்னாது. அது மங்கலாக இருக்கும், அழுத்தினால் நகரும், நாளாக ஆகச் சுருங்கிக் காணாமல் போகும். ஒட்டி ஒரு வாரம் ஆனவர்கள் பதறிப்போய்க் குத்திக் கெடுப்பது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்க் குமிழியைத்தான்.

மூன்றாவது, வெளிறிய பூப்போன்ற கறைகள். இதைச் செய்தது தண்ணீர். அந்த வீட்டில் குழாயில் வருவது போர் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடுகிற அதே உப்பு, ஃபிலிமுக்கு அடியில் தண்ணீர் வற்றும்போது அங்கேயே தங்கிவிடுகிறது. போதாக்குறைக்குப் பாத்திரம் கழுவும் லிக்விடைத் தாராளமாக ஊற்றியிருந்தார்கள். அதிலிருக்கும் நிறமும் மணமும் பிசுபிசுப்பும் பசைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு படலமாக நின்றன.

நான்காவதுதான் எல்லோரும் புலம்புகிற ஓரம் உரிதல். பசை மட்டம் என்று பழி போட்டார்கள். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் விஷயம் வேறு. கண்ணாடியைப் பிடித்திருக்கும் கறுப்பு ரப்பர் பீடிங் வரைக்கும், சில இடங்களில் அதன் மேலேயும் ஏறும்படி ஃபிலிம் வெட்டப்பட்டிருந்தது. இடைவெளியே இல்லாமல் கச்சிதமாக இருந்தால்தான் வேலை சுத்தம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ரப்பரில் ஏறிய ஃபிலிம், ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள மூலையில் கண்ணாடியைத் தொடாமல் சரிவாகத் தொங்கும். அந்தச் சந்தில் தண்ணீர் தேங்கும். தள்ளிவிட வழியில்லாததால் ஸ்க்யூஜி கொண்டுவந்த நீரெல்லாம் அங்கேயே சேரும். அடிப்பக்கம் முதலில் உரிந்ததற்கு இதுதான் காரணம்: தண்ணீர் கீழேதானே இறங்கும். பிறகு ஷட்டரை இழுத்துச் சாத்தும் ஒவ்வொரு அதிர்விலும் ரப்பர் அந்த ஓரத்தை நெம்பும். ஒருமுறை எழும்பிய ஓரத்தில் தூசி ஒட்டிவிட்டால் மறுபடி அழுத்தி உட்கார வைக்க முடியாது.

எந்த ஃபிலிம்

முதல் ஃபிலிமின் அட்டையில் பெரிதாக இருந்தது "95% அகச்சிவப்புத் தடுப்பு". பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் வாங்குபவர் நினைக்கும் பொருளும் அதற்கில்லை. சூரிய வெப்பத்தில் அகச்சிவப்பு ஏறக்குறைய பாதி. மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளியாகவே வருகிறது. அதோடு, அந்த 95 சில சமயம் அகச்சிவப்பு முழுவதற்கும் அளந்த கணக்காக இல்லாமல், ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் மட்டும் அளந்ததாக இருக்கும். பார்க்க வேண்டிய எண் டி.எஸ்.இ.ஆர்., அதாவது கண்ணாடியில் விழும் மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் வீட்டுக்குள் வராமல் தடுக்கப்படுகிறது என்பது. கூடவே வி.எல்.டி., எத்தனை சதவீத வெளிச்சம் உள்ளே வரும் என்பது. இந்த இரண்டையும் போடாத அட்டையை வாங்காமல் இருப்பதே நல்லது.

கறுப்பாக இருந்தால் வெயிலை அதிகம் தடுக்கும் என்பதும் தவறு. வெறும் சாயம் போட்ட கறுப்பு ஃபிலிம் வெயிலைத் திருப்பி அனுப்பாமல் குடித்துக்கொள்கிறது. குடித்த வெப்பத்தில் கண்ணாடி சுட்டு, அதில் ஒரு பங்கு வீட்டுக்குள்ளேயே வரும். மலிவுச் சாயம் சில கோடைகளில் ஊதா நிறத்துக்கு மாறும். பசையும் சேர்ந்து தளரும்போது கண்ணாடி முழுக்கப் புதிதாகக் குமிழிகள் கிளம்பும். நன்றாக ஒட்டி இரண்டு வருடம் இருந்துவிட்டுப் பிறகு வரும் குமிழி பெரும்பாலும் ஒட்டியவர் குற்றமாக இருக்காது, பொருளின் குற்றம்.

இரண்டாம் முறை எடுத்தது உலோகப் பூச்சுள்ள, இரு பக்கமும் வேறு வேறு அளவில் பிரதிபலிக்கும் ரகம். வெளிப்பக்கம் கண்ணாடி போலப் பளபளக்கும், உள்பக்கம் அடங்கி இருக்கும். அட்டைப்படி வி.எல்.டி. 25, டி.எஸ்.இ.ஆர். 65. பலன் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடியும் சேர்ந்து ஏறக்குறைய 1.93 சதுர மீட்டர். மாலை நாலு மணி வெயில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுவதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 1,160 வாட். சாதாக் கண்ணாடி அதில் சுமார் 82 சதவீதத்தை உள்ளே விடும்: 950 வாட். ஃபிலிம் போட்டால் 35 சதவீதம்தான்: 405 வாட். மிச்சம் 545 வாட். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றும் வெப்பம் சுமார் 3,500 வாட் என்பதால், அதில் ஆறில் ஒரு பங்கு. பெரிய விஷயம்தான். ஆனால் சுவர் வழியாகவும் மொட்டைமாடி வழியாகவும் வரும் சூட்டுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்ட வழி இருக்கும் வீட்டில், வெயிலை மட்டும் கருதினால், தட்டிதான் ஜெயிக்கும்.

பார்வைத் தடை விஷயத்தில் ஏமாற்றம் இரவில் வரும். பிரதிபலிக்கும் ஃபிலிம் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியாகிறது. பகலில் எதிர் வீட்டாருக்கு வானம் தெரியும். இரவில் ஹாலில் விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழாகும், அவர்களுக்கு ஹால் தெரியும். எந்த விலைக்கு வாங்கினாலும் இது மாறாது. இரவிலும் மறைவு வேண்டுமானால் பனி படர்ந்தது போன்ற ஃப்ராஸ்டட் ஃபிலிம்தான் வழி. அதைப் போட்டால் உள்ளேயிருந்து வெளிக்காட்சியும் போய்விடும், வெப்பத்தையும் பெரிதாகத் தடுக்காது. குளியலறைக்கு அது சரி. இந்த ஹாலுக்கு, இரவில் இழுத்துவிட ஏற்கெனவே இருந்த திரையே போதும் என்று முடிவானது.

பழையதை எடுப்பது

காய்ந்த ஃபிலிமைப் பிடித்து இழுத்தால் ஃபிலிம் கையோடு வரும், பசை கண்ணாடியிலேயே நிற்கும். சோப்புத் தண்ணீரை அடித்து, கறுப்புக் குப்பைப் பையைப் பிரித்து மேலே ஒட்டவைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் விட்டார்கள். சூடும் ஈரமும் சேர்ந்து பசை இளகிவிடுகிறது. பிறகு மேல் மூலையில் பிளேடால் நிமிண்டி, கண்ணாடியோடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக இழுத்தால் பெரும்பகுதி பசையோடு சேர்ந்தே வரும். மிச்சப் பசையை மறுபடி நனைத்துச் சுரண்டும் பிளேடால் எடுக்க வேண்டும். புது பிளேடு, எப்போதும் ஈரக் கண்ணாடி, ஒரே திசை. பின்னோக்கி இழுத்தால் அடியில் மாட்டிய மணல் துகள் கண்ணாடியில் கீறல் போடும்.

ஒட்டிய விதம்

இந்த ஜன்னலில் கிரில் உள்பக்கம் இருக்கிறது. முதல் முறை கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு ஒட்டினார்கள். பாதிக் கோளாறு அங்கேயே தொடங்கியது. இந்த முறை வெளிப்பக்கத்தில் எட்டிப் பிடிக்காமல், கிரில்லைத் திருகு கழற்றி எடுத்துவிட்டு, ஷட்டரை மேல் டிராக்குக்குள் தூக்கி, அடிப்பக்கத்தை உள்ளே இழுத்து, கழற்றிக் கீழே வைத்தார்கள். 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ, அப்படியென்றால் ஒரு ஷட்டரில் கண்ணாடி மட்டும் 12 கிலோ. மூன்றாம் மாடியில் இதைத் தனி ஆளாகச் செய்யக் கூடாது. ஷட்டரை மடித்த கால்மிதியின் மேல் நிறுத்தி, நிழலான சுவரில் சற்றே சாய்த்து வைத்தார்கள். மேஜையில் படுக்கப்போடத் தோன்றும். படுக்கப்போட்டால் தூசி மேலிருந்து விழும், அழுக்குத் தண்ணீரும் வழிந்து போகாது.

நேரம் காலை எட்டு மணி. மின்விசிறி நிறுத்தப்பட்டது, தரை ஈரத்துணியால் துடைக்கப்பட்டது. ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் அரை டீஸ்பூன் பேபி ஷாம்பு கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றினார்கள். ஷாம்பு கூடினால் ஃபிலிம் நன்றாக வழுக்கும், ஆனால் பிடிப்பு வர நாளாகும், ஓரம் பலவீனமாகும். குறைந்தால் வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். கையில் தொட்டுப் பார்த்தால் லேசாக வழுவழுப்பு தெரிய வேண்டும், நுரை எழக் கூடாது.

கண்ணாடியைக் கழுவுவதில்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். நனைத்து முழுப் பரப்பையும் பிளேடால் சுரண்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத பெயின்ட் துளியும் சிமென்ட் புள்ளியும் பிளேடில் கரகரவென்று தட்டும், அந்தச் சத்தம் நிற்கும்வரை விடக் கூடாது. சூடாக்கி வலுவேற்றிய டஃபன்டு கண்ணாடியாக இருந்தால் இந்தச் சுரண்டல் வேண்டாம், அதன் மேல்பரப்பில் இருக்கும் நுண்துகள்கள் பெயர்ந்து கீறிவிடும். அடுத்து ரப்பர் ஓரம். அங்கேதான் வருடக்கணக்கான தூசி உட்கார்ந்திருக்கும். துணியால் துடைத்தால் தூசி கிளம்பிக் கண்ணாடிக்கு வரும். அதனால் மேலிருந்து கீழே தண்ணீர் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, நூல் விடாத மைக்ரோஃபைபர் துணியை அட்டையில் சுற்றி ஓரத்தில் மட்டும் ஓட்டினார்கள். செய்தித்தாள், பழைய பனியன் இரண்டும் கண்ணாடி துடைக்க நல்லவைதான். ஃபிலிம் ஒட்டும் நாளில் மட்டும் கிட்டே வரக் கூடாது. கடைசியாக ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே வழித்து, மறுபடி முழுக்கச் சோப்புத் தண்ணீர்.

ஃபிலிம் 36 அங்குல, அதாவது 91 செ.மீ. அகல ரோலில் வந்தது. 86 செ.மீ. கண்ணாடிக்கு இரு பக்கமும் இரண்டரை செ.மீ. மிச்சம் நிற்கும். உயரத்துக்கும் அதே மிச்சம் வைத்து 117 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டினார்கள். அளந்து சரியாக வெட்டிக்கொண்டு ஒட்டலாம் என்று நினைக்க வேண்டாம். அலுமினியச் சட்டம் எதுவும் நேர் சதுரமாக இருப்பதில்லை.

ஃபிலிமின் பின்தாள் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஒரு மூலையில் இரு பக்கமும் செல்லோடேப்பை ஒட்டிப் பட்டென்று இழுத்தால் தெரிந்துவிடும். ஒருவர் மேல் மூலைகளைப் பிடிக்க, மற்றவர் பின்தாளை உரித்துக்கொண்டே பசைப்பக்கத்தில் சோப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனார். உரித்து முடித்துவிட்டு நனைக்கலாம் என்று விட்டால், உரியும்போது உண்டாகும் நிலைமின்சாரம் அறையில் மிதக்கும் தூசியை எல்லாம் பசைக்கு இழுத்துவிடும். முதல் முறை மிளகளவுக் குமிழிகளில் பாதி இப்படி வந்தவையாகத்தான் இருக்கும்.

ஈரமான பசை ஈரமான கண்ணாடியில் வழுக்கிச் சரியான இடத்துக்கு வந்தது. இனி ஃபிலிமின் வெளிப்பக்கத்தையும் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்யூஜி இழுபட்டு ஃபிலிமைச் சுருக்கும். முதல் இழுப்பு மேல்பகுதியில் நடுவிலிருந்து இடமும் வலமும். அடுத்தது நடுக்கோட்டில் மேலிருந்து கீழ். இவ்வளவில் ஃபிலிம் நகராமல் நிற்கும். இப்போதுதான் ஓரம் வெட்டினார்கள்.

வெட்டியது இப்படி. பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை ரப்பரோடு ஒட்டி நிறுத்தி ஃபிலிமை மூலைக்குள் மடிப்பு விழ அழுத்தினார்கள். கார்டின் தடிமன் முக்கால் மி.மீ.தான், அதனால் இரண்டு கார்டுகளைச் சேர்த்துப் பிடித்தார்கள். கார்டின் கண்ணாடிப் பக்க விளிம்பை ஒட்டிப் புது ஸ்டெயின்லெஸ் பிளேடைப் படுத்தாற்போல் வைத்து, கண்ணாடியை அழுத்தாமல், ஒரே இழுப்பாக ஓட்டினார்கள். ரப்பருக்கும் ஃபிலிமுக்கும் நடுவே நாலு பக்கமும் ஒன்றரை மி.மீ. இடைவெளி கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளேடின் நுனி ஒடித்துப் புதிதாக்கப்பட்டது. மழுங்கிய நுனி ஃபிலிமை வெட்டாமல் இழுக்கும், இழுபட்ட விளிம்பு மேலே வளைந்தே நிற்கும். நாலு மூலையின் கூர்மையையும் கத்தரிக்கோலால் ஒரு துளி உருட்டிவிட்டார்கள். கூரான மூலைதான் துணி பட்டு முதலில் கிளம்பும்.

இந்த இடைவெளி உட்கார்ந்து பார்த்தால் மெல்லிய வெளிச்சக் கோடாகத் தெரியும். ஒரு மாதத்தில் கண் பழகிவிடும். தண்ணீர் வெளியேற வேண்டிய வாசல் அதுதான்.

வெட்டிய பிறகு வெளிப்பக்கத்தை மறுபடி நனைத்து, கடினமான ஸ்க்யூஜியால் இரண்டாம் சுற்று. நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒவ்வோர் இழுப்பும் முந்தியதை மூன்றில் ஒரு பங்கு மூடும்படி, தண்ணீர் வருவது நிற்கும் வரை அழுத்தி இழுக்க வேண்டும். கடைசியில் மைக்ரோஃபைபர் துணி சுற்றிய கார்டால் நாலு ஓரத்தையும் உள்ளிருந்து வெளியே அழுத்தினார்கள். துணி ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வழிந்த தண்ணீர் ரப்பரில் நின்று திரும்ப ஓரத்துக்குள் ஏறும். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை ஓரத்தை அழுத்தியது இதற்காகத்தான், இந்த ஒரு படியை அவசரத்தில் விடுபவர்களுக்கும் ஓரம் உரிகிறது.

காயும் மாதம், பிறகு கண்ணாடி

அன்று மாலை கண்ணாடி லேசாகப் புகை மண்டியது போல இருந்தது. இந்தத் தடிமன் ஃபிலிமுக்கு, அதாவது ஏறக்குறைய 50 மைக்ரானுக்கு, உள்ளே எஞ்சிய ஈரம் வெளியேறிப் பசை முழுப் பிடிப்புக்கு வர ஏறத்தாழ முப்பது நாள் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் தள்ளும். அதுவரை துடைக்கவோ டேப் ஒட்டவோ கூடாது. பிறகும் அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரும் சொரசொரப்பான ஸ்கிரப்பரும் ஆகாது. இதே ஷாம்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

ஃபிலிம் பிழைத்தாலும் கண்ணாடி விரிசல் விடும் அபாயம் ஒன்று உண்டு. ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி முன்னைவிடச் சூடாகும். வெயில் படும் நடுப்பகுதி விரிய, சட்டத்துக்குள் நிழலில் இருக்கும் ஓரம் குளிர்ந்தே நிற்கும். சாதாக் கண்ணாடியில் இந்த வித்தியாசம் அளவு மீறினால் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பும். ஓரத்தில் ஏற்கெனவே சில்லு பெயர்ந்திருந்தால் சீக்கிரமே. சட்டத்தின் ஓரத்துக்குச் செங்குத்தாகப் புறப்பட்டு உள்ளே போய் வளையும் விரிசல் வெப்பத்தால் வந்தது. ஓர் இடத்திலிருந்து நட்சத்திரமாகப் பிரிந்தால் அடிபட்டது. எந்த ஃபிலிமை எந்தக் கண்ணாடியில் ஒட்டலாம் என்று நல்ல தயாரிப்பாளர்கள் பட்டியல் கொடுப்பார்கள். கம்பி வலை பதித்த கண்ணாடிக்கும் இரட்டைக் கண்ணாடிக்கும் அதைப் பார்க்காமல் ஒட்டக் கூடாது.

ஸ்லைடிங் ஜன்னலில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: திறந்து வைத்தால் இரண்டு ஷட்டர்களும் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். நடுவில் சிக்கிய காற்று வெளியேற முடியாமல் சுடும், இரண்டு ஃபிலிமும் சேர்ந்து வெப்பத்தைக் குடிக்கும். அதனால் இந்த வீட்டில் மதியம் ஒன்றரை முதல் ஆறு வரை ஜன்னலைச் சாத்தியே வைக்கிறார்கள். தடித்த திரையைக் கண்ணாடியோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி மாட்டியதும், ஏ.சி. காற்று நேரே கண்ணாடியில் அடிக்காமல் திருப்பி வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

முப்பதாம் நாள் பார்த்தபோது ஓரம் நாலும் படிந்திருந்தன, புகை மண்டிய தோற்றம் போயிருந்தது. வலது ஷட்டரில் முழங்கை உயரத்தில் ஒரே ஒரு மிளகுக் குமிழி மட்டும் மிச்சம். உள்ளே ஒரு நூல். அதைத் துளைத்து எடுக்கப் போனால் ஃபிலிமில் நிரந்தர ஓட்டை விழும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறார்கள்.